குணுவும் குணமும்

நர்சுப் பிள்ளைகள் படிக்கிற தாதிமார் பயிற்சிக் கல்லூரியில் துணி அறை என்று ஒன்று இருந்தது. சரிவில் நீளமாகக் கட்டிய விடுதியின் கடைசி அறை அது. வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியை எண்ணி வாங்கி, சலவைக்கு அனுப்பி, வெளுத்து வந்ததை மறுபடி எண்ணி அடுக்கி வைப்பது என் வேலை. பயிற்சிப் பிள்ளைகளின் தொப்பிக்கும் ஏப்ரனுக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவதும் நான்தான். எழுபதுகளின் நடுவில் அங்கே போய்ச் சேர்ந்தேன். என் புருசன் செத்த பிறகு நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவை, அந்த ஒற்றை அறையை, தேயிலைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. தெரிந்த ஒரு கோயில் பாதர் சொல்லி இந்த வேலை கிடைத்தது.

நான் கொட்டகலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எழுதப் படிக்க வரும். சிங்களம் காதால் கேட்டுப் பழகியதுதான். துணி அறையில் எனக்கு மூத்தவராக ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவரை அக்கே என்று கூப்பிடுவேன். காலையில் மூட்டை அவிழ்க்கும்போதே, குணு ரெதி இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம் என்று தொடங்குவார். குணு என்றால் அழுக்கு, குப்பை. ரெதி என்றால் துணி. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தக் குணு என் காதில் விழும். நான் முதலில் பிடித்துக்கொண்ட சிங்களச் சொல்லே அதுதான்.

அந்தச் சொல்லால் ஒரு பிரியாவிடைக் கூட்டத்தில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வருசம் படிப்பு முடித்துப் போகிறவர்களில் கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பிள்ளை இருந்தாள். தோட்டத்து ஆட்களில் பலருக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை; அவள் அப்பனிடம் அந்தக் கடதாசி இருந்ததால்தான் அவளால் அங்கே சேர முடிந்தது. வேலையில் நல்ல கெட்டிக்காரி. படுக்கையில் கிடக்கிற நோயாளியை அசைக்காமல் விரிப்பு மாற்றுவதில் அவளைப் போல் ஒருத்தியை நான் பார்க்கவில்லை. அவள் மாற்றிய விரிப்பு எது என்று மூட்டையிலேயே தெரியும். ஈரம் உள்ளே போகும்படி சுருட்டி வைத்திருப்பாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். முதல் வருசத்தில் அவள் பேசிய சிங்களத்தைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். தேகொள என்று பட்டப்பேர் வைத்தார்கள். தேயிலைக் கொழுந்து என்று அர்த்தம். கெட்ட எண்ணத்தில் இல்லை, விளையாட்டுத்தான். ஆனாலும் அன்றிலிருந்து வார்டில் சிஸ்டர்மார் சிங்களத்தில் எது கேட்டாலும் அவள் தலையை ஆட்டிவிட்டு வேலையைச் செய்துவிடுவாள். மூன்று வருசம் அப்படியே ஓட்டினாள்.

பிரியாவிடையில் போகிறவர்கள் சார்பில் ஒருத்தி பேச வேண்டும். அது யார் என்று பிள்ளைகள் கை தூக்கித் தெரிவதில்லை. பாடம் எடுக்கும் சிஸ்டர் டியூட்டர்மார் மூன்று பேரும் உட்கார்ந்து, பரீட்சை மார்க்கையும் வார்டு வேலை மார்க்கையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்தத் தடவை பலகையில் ஒட்டிய கடதாசியில் இவள் பேர் இருந்தது. மற்றவர்கள் வாழ்த்தினார்கள். ஒருத்தி மட்டும், தேகொள பேசினால் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டியதுதான் என்றாளாம். இவளும் சிரித்துவிட்டு வந்து, என் அறையில் விரிப்பு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய சிஸ்டர் டியூட்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ரொம்பக் கண்டிப்பு. பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் இவள் என்னிடம் ஒப்பிப்பாள். ஏழு நிமிசம், அதற்கு மேல் போகக் கூடாது. நெஞ்சில் குத்தியிருக்கிற கைக்கடிகாரத்தைப் பார்த்து அவரே எண்ணுவார். முதலில் பிரதம விருந்தினர், பிறகு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், பிறகு மேட்ரன், டியூட்டர்மார், வார்டு சிஸ்டர்மார், பெற்றோர், தங்கச்சிமார் என்று வரிசை மாறாமல் விளிக்க வேண்டும். யார் பேரையும் சொல்லக் கூடாது, பதவியைத்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி பேரைச் சொன்னால் விடுபட்ட இன்னொருத்திக்கு மனசு நோகும். அதற்குப் பிறகு பழைய ஞாபகம். அதில் ஒரே ஒரு வேடிக்கை சொல்லலாம், அதுவும் டாக்டர்மாரைப் பற்றி இருக்கக் கூடாது. பிறகு நன்றி. பிறகு தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்பு. கடைசியில் கீழ் வகுப்புத் தங்கச்சிமாரிடம் பொறுப்பை ஒப்படைக்கிற வார்த்தை. கைதட்டு ஓயும் வரை வாய் திறக்கக் கூடாது. கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்தால் குரல் கடதாசியிலேயே முட்டி நின்றுவிடும், நெஞ்சுக்குக் கீழே பிடிக்க வேண்டும்.

அவள் எழுதிக் கொடுத்ததை அவர் இரண்டு தடவை சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். விளிப்பு இங்கிலீசில், நடுவில் தமிழ், நன்றியிலிருந்து முடிவு வரைக்கும் சிங்களம். அந்தச் சிங்களப் பகுதியில்தான் சிக்கல். டியூட்டருக்கே சிங்களம் அவ்வளவு ஓடாது. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மேட்ரன் கேட்பார், அவர் சிங்களக்காரர், சரியாக வராவிட்டால் அந்தப் பகுதியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

“குடுத்துட்டா குடுக்கட்டுமே புள்ள. தமிழும் இங்கிலீசும் பேசுனா போதாதா?” என்று நான் கேட்டேன். ஆட்கள் இருந்தால் அவளை மிஸ்ஸி என்பேன். தனியாக இருந்தால் புள்ளதான்.

“இல்லக்கா. சிங்களத்துல தான் என்னைய ஊமைன்னு நெனச்சிருக்காங்க. அதைப் பேசாம போனா ஊமையாவே போன மாதிரி.”

அவளுக்கு சிங்கள எழுத்து வேகமாக வாசிக்க வராது. கூடப் படித்த ஒரு சிங்களப் பிள்ளை வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல, இவள் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அந்தப் பிள்ளை உடனே லீவில் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரியாவிடை அன்றைக்குத்தான் திரும்பி வருவாள்.

பகல் டியூட்டி முடிந்து மூன்று மணிக்கு இவள் துணி அறைக்கு வந்துவிடுவாள். சுற்றி விரிப்பும் கம்பளியும் அடுக்கியிருப்பதால் அங்கே பேசுகிற சத்தம் வெளியே போகாது. நான் இஸ்திரி போடுவேன், இவள் சுவரைப் பார்த்துப் பேசுவாள். திங்கட்கிழமை முதல் தடவையாகச் சிங்களப் பகுதியை வாசித்தாள். “ஒப செமகே குண அபி கவதாவத் அமதக கரன்னே நே.” உங்கள் எல்லோருடைய நல்ல குணத்தையும் நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம் என்று அர்த்தம். அப்படித்தான் அந்தப் பிள்ளை சொல்லிக் கொடுத்தாளாம்.

எனக்கு இஸ்திரிப் பெட்டி கையிலேயே நின்றுவிட்டது.

நம் எழுத்தில் கானாவுக்கு ஒரே எழுத்துத்தான். சிங்களத்தில் அழுத்திச் சொல்வதற்கு ஓர் எழுத்து, மெதுவாகச் சொல்வதற்கு வேறோர் எழுத்து. நல்ல குணத்துக்கு அவர்கள் மெதுவான கு போடுவார்கள். இவள் தமிழில் எழுதிவைத்து, குணம் என்று நாம் சொல்கிற மாதிரியே அழுத்திச் சொன்னாள். என் காதுக்கு அது அக்கே மூட்டை அவிழ்க்கும்போது சொல்கிற குணுவாகவே விழுந்தது. உங்கள் எல்லோருடைய குப்பையையும் ஒருநாளும் மறக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி டாக்டருக்கும் மேட்ரனுக்கும் முன்னால் இவள் சொல்லப் போகிறாள்.

நான் சொல்லவில்லை. திங்களும் சொல்லவில்லை, செவ்வாயும் சொல்லவில்லை. இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவள் மூன்று வருசம் படித்தவள், ஊசி போடுகிறவள். நான் அழுக்குத் துணி எண்ணுகிறவள். ஒருவேளை என் காதுதான் பிழையோ, படித்தவர்கள் அப்படியும் சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அக்கேயிடம் கேட்கலாம் என்றால் அந்த வாரம் அவர் லீவில் இருந்தார். புதன்கிழமை அவள் அதே வரியை இன்னும் சத்தமாக, கையையும் விரித்துச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் வாயால் சொல்ல வரவில்லை. பிரசவ வார்டிலிருந்து வந்த மூட்டையில் ஒரு விரிப்பை எடுத்து அவள் முன்னால் பிடித்தேன்.

“இது என்ன புள்ள?”

“குணு ரெதி.”

“இப்ப உன் கடதாசிய வாசி.”

வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “எப்பலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டாள்.

திங்கட்கிழமையிலிருந்து என்றேன்.

“நல்லா இருக்கு. மூணு நாளா என்னைய குப்பை கொட்ட விட்டுட்டு நீங்க தொப்பிக்குக் கஞ்சி போட்டுக்கிட்டிருந்தீங்களாக்கும்.”

ஏச்சுத்தான். ஆனால் சிரித்துக்கொண்டே ஏசினாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கு-வைப் பிடித்துக்கொண்டோம். அங்கு என்று சொல்லிப் பார், கடைசியில் மெதுவாக ஒரு கு வருகிறதல்லவா, அதைத் தூக்கி முன்னால் வை என்றேன். முதலில் ங்குண, ங்குண என்று குரங்குக் குட்டி மாதிரி சத்தம் வந்தது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். பிறகு பிடிபட்டது. துணிக்கு அடையாளம் போடுகிற மை என்னிடம் இருந்தது. மெதுவாகச் சொல்ல வேண்டிய எழுத்துக்குக் கீழெல்லாம் அதில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

அவளுடைய ஒரே வேடிக்கை கடைசிப் பகுதியில் இருந்தது. வார்டில் புண் கட்டு அவிழ்த்த பஞ்சும் துணியும் போடுகிற மூடி வாளி ஒன்று உண்டு. அதை எரிக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது முதல் வருசப் பிள்ளைகள் தலையில்தான் விழும். சிங்களத்தில் அதற்கு குணு பால்திய என்று பேர். எங்கள் குப்பை வாளி இன்றிலிருந்து உங்கள் பொறுப்பு என்று தங்கச்சிமாரிடம் ஒப்படைப்பதுதான் வேடிக்கை. அந்த இடத்தில் அழுத்தித்தான் சொல்ல வேண்டும். அதற்கு நான் புள்ளி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். குணமும் சரியாக வந்தது, குணுவும் சரியாக வந்தது. நல்லது, நீயே பேசு என்று எழுந்து போனாராம். ஏழு நிமிசத்துக்கு அரை நிமிசம் குறைவு. டியூட்டர் மட்டும், நாளைக்கு அந்தக் குணம் தவறினால் கல்லூரிக்கே வெட்கம் என்று சொல்லி அனுப்பினார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை பிற்பகல் கூட்டம். சிறு ஊழியர்கள் கதவுப் பக்கம் நின்றுகொள்வோம். அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றினார்கள். ஆண்டறிக்கை வாசித்தார்கள். இரண்டாம் வருசப் பிள்ளை ஒருத்தி பிரியாவிடை வாசகம் வாசித்து, அதைச் சட்டம் போட்டுக் கொடுத்தாள். பிறகு இவளைக் கூப்பிட்டார்கள்.

கைதட்டு ஓயும் வரை நின்றாள். வரிசை மாறாமல் விளித்தாள். முதல் நாள் உடம்பு துடைக்கப் போன தாத்தா ஒருவர் வெட்கத்தில் கம்பளியை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டதையும், இவளும் வெட்கத்தில் கையை மட்டும் துடைத்துவிட்டு வந்ததையும் தமிழில் சொன்னாள். அவள் அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சிங்களத்துக்கு மாறினதும் முன்வரிசையில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. நான் என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன். ஒப செமகே. ஒரு மூச்சு நின்றாள். குண. வந்துவிட்டது. நெய் மாதிரி மெதுவாக வந்தது.

மன்னிப்புக் கேட்டாள். தங்கச்சிமார் பக்கம் திரும்பினாள். அந்த மெதுவான கு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். குணு பால்திய என்று வர வேண்டிய இடத்தில் குண பால்திய என்று வந்தது. அதையும் மெதுவாக, அழகாகச் சொன்னாள். எங்கள் நல்ல குண வாளி இன்றிலிருந்து உங்கள் பொறுப்பு.

அவளுக்கே தெரிந்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் வைத்தாள். அந்த நேரத்தில் மேட்ரன் கையைத் தட்டத் தொடங்கினார். அவர் தட்டினதும் டாக்டர் தட்டினார், தங்கச்சிமார் தட்டினார்கள். பிறகுதான் சிரிப்பு வந்தது. ஆனால் அது கைதட்டோடு கலந்து வந்த சிரிப்பு.

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்தார். “எம்மவ ஏதும் தப்பா சொல்லிட்டாளாங்க? எல்லாரும் சிரிக்கிறாங்களே.”

“இல்லங்கம்மா. நல்லாத்தான் சொன்னா” என்றேன். அந்தப் பயத்தை அவள் நாக்கில் வைத்தது நான்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிரதம விருந்தினர் கடைசியில் பேசும்போது, குணுவைக் குணமாக்குவதுதான் தாதியின் வேலை, அதை ஒரே சொல்லில் இந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள் என்றார். மறுபடி கைதட்டு. டியூட்டர் நெஞ்சில் குத்திய கடிகாரத்தைத் தொட்டுக்கொண்டே பெருமையாகச் சிரித்தார். தேத்தண்ணீர் நேரத்தில் ஆள் மாற்றி ஆள் அவள் கையைக் குலுக்கினார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அவள் கண்ணில் படாமல் கேக்குத் தட்டோடு குசினிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை உடுப்பு ஒப்படைக்க வந்தாள். தொப்பி நான்கு, ஏப்ரன் ஆறு, இடுப்புப் பட்டி இரண்டு. நான் எண்ணி அடையாளம் போட்டால்தான் விடுதியை விட்டுப் போகிற கடதாசியில் கையெழுத்துக் கிடைக்கும். எண்ணி முடித்ததும் நான், என்னை மன்னிச்சிரு புள்ள என்றேன்.

“எதுக்கு?” என்றாள். “நான் மேட்ரன்கிட்ட போய்ச் சொல்லிட்டேன்க்கா.”

எல்லோரும் புகழ்ந்து முடிந்த பிறகு என்னத்தைச் சொன்னாய் என்று கேட்டேன்.

நடந்ததைச் சொன்னாள். அவர்களுக்கு முதல் வருசத்திலிருந்து ஒரு பாடம் உண்டு. மருந்து மாறிக் கொடுத்துவிட்டால், நோயாளிக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், கொடுத்தவளே உடனே போய்ச் சொல்ல வேண்டும். வேறு ஆள் கண்டுபிடிக்கும் வரை இருக்கக் கூடாது. நல்லதாக முடிந்துவிட்டது என்று மறைக்கவும் கூடாது. இரவு முழுக்க அதுதான் மனசில் ஓடியதாம். விடிந்ததும் மேட்ரனின் அறைக்குப் போய் நின்று, அது வேண்டுமென்று சொன்னதில்லை, வாய் தவறியது, எனக்கு வந்த புகழ் எனக்குரியதில்லை என்று சொல்லியிருக்கிறாள். சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறாள்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“தெரியும்னாங்க. ஒத்திகையில கேட்டவங்க தானே. நான் கை தட்டலைன்னா அந்தப் புள்ளைங்க உன்னைச் சிரிச்சே கொன்னிருக்கும்னாங்க.” இடுப்புப் பட்டியை மடித்து வைத்தாள். “அப்புறம், இவ்வளவு சிங்களம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நீ மூணு வருசம் என் முன்னாடி தலைய ஆட்டிக்கிட்டு நின்னேன்னு ஏசினாங்க.”

அவ்வளவுதான். கடதாசியில் நான் அடையாளம் போட்டேன். அவள் அம்மாவோடு பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள். முதல் நியமனம் ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி என்று பின்னால் கேள்விப்பட்டேன். அங்கே வார்டில் இவள் சத்தம்தான் பெரிய சத்தம் என்று, அங்கிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை சொன்னாள். எனக்கு அதை நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

கல்லூரியில் அந்த வாளிக்குப் பேர் மாறிவிட்டது. குண பால்திய எங்கே, குண பால்தியவைத் தூக்கு என்று முதல் வருசப் பிள்ளைகள் கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் அக்கேக்குப் பிடிக்கவில்லை. நாற்றம் அடிக்கிற வாளிக்கு இந்தப் பேரா என்பார். போகப் போக அவரும் அப்படியே சொன்னார். எண்பதுகளில் பழைய தகர வாளியை எடுத்துவிட்டு மிதித்தால் திறக்கிற வாளி வந்தது. யாரோ ஒரு பிள்ளை அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் சிங்களத்தில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு வாசிக்கத் தெரியாததால் அக்கேயிடம் கேட்டேன். குண என்று எழுதியிருக்கிறது, மெதுவான கு தான் என்றார். எழுதிய பிள்ளையிடம், ஏன் இந்தப் பேர் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, எப்போதும் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள். உட்கார் மிஸ்ஸி என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.